படிவம் கேட்டது எது, ஆள் சொன்னது எது?

சேலம் பழைய பேருந்து நிலையம் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம் இதெல்லாம் போக, கையால் நிரப்பிய படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலையும் வரும். கோழிக் கிறுக்கலைப் படிப்பதுதான் இதில் கஷ்டம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கிறுக்கல் பழகிவிடும். ஒரே ஆள் எழுதிய பத்துத் தாளைப் பார்த்தால் அவருடைய 'ர' எது, கால் எது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். நின்று யோசிக்க வைப்பது வேறொன்று. தாளில் இருக்கும் எழுத்துகளில் படிவம் கேட்டது எது, ஆள் சொன்னது எது என்று பிரிப்பது. அச்சில் இருந்தால் கேள்வி, பேனாவில் இருந்தால் பதில் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படி அது முடிவதில்லை.

ஏற்காடு மலையில் சிறு காபி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவின் உறுப்பினர் படிவங்கள் வந்தபோது இதை முழுசாகப் பார்க்க முடிந்தது. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கத்து ஆட்கள். படிவம் ஒரே பக்கம்தான். உறுப்பினர் பெயர், த/க பெயர், ஆண்/பெண், ஊராட்சி, வட்டம், நிலப் பரப்பு (ஹெக்டேர்), காபிச் செடி எண்ணிக்கை, மிளகுக் கொடி உண்டா ஆம்/இல்லை, கடைசியில் கையொப்பம் அல்லது கைரேகை. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே புள்ளிக் கோடு. தலைப்புகளை டேபிளின் மேல் வரிசையில் போட்டு, பதில்களைக் கீழே அடுக்கினால் முடிந்தது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும்.

குழுவின் செயலாளரிடம் நான் முதலில் கேட்டது ஒரு காலிப் படிவம். "எல்லாம் நிரப்புனதுதாம்மா இருக்கு, காலிப் படிவம் எதுக்கு?" என்றார். காலிப் படிவம் கையில் இருந்தால், அதில் இருப்பதெல்லாம் படிவத்தின் பேச்சு, அதற்கு மேல் தாளில் ஏறியதெல்லாம் ஆளின் பேச்சு. சந்தேகம் வரும்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தேடிப் பிடித்து ஒன்று கொண்டுவந்து தந்தார். அந்தக் 'காலி'ப் படிவத்திலேயே பேனா எழுத்து இருந்தது. ஊராட்சிக்கு எதிரே 'நாகலூர்', வட்டத்துக்கு எதிரே 'ஏற்காடு'.

என்ன நடந்திருக்கிறது என்றால், யாரோ வேலை மிச்சமாகட்டும் என்று ஒரு படிவத்தில் இந்த இரண்டை மட்டும் கையால் எழுதி, அதை ஜெராக்ஸ் போட்டு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் வந்திருக்கும் படிவங்களில் 'நாகலூர்' என்று கையெழுத்தில் இருப்பது உறுப்பினரின் பதில் கிடையாது. பார்க்கக் கையெழுத்து, வேலையில் அச்சு. மஞ்சக்குட்டைக்காரர் ஒருவர் அதை அடித்துவிட்டுத் தன் ஊராட்சியை எழுதியிருந்தார். இன்னொருவர் மஞ்சக்குட்டையில் இருந்துகொண்டே அதைத் தொடாமல் விட்டிருக்கலாம். கண்ணில் படுவதை மட்டும் தட்டிக்கொண்டு போயிருந்தால் ஊராட்சி வாரியாகக் கணக்கெடுக்கும்போது நாகலூரில் ஆட்கள் அளவுக்கு மீறிக் கூடியிருப்பார்கள். ஏன் என்று யாருக்கும் புரிந்திருக்காது.

காலிப் படிவம் கிடைக்காவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டு படிவங்களைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு தடவை எழுதினால் எழுத்து ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்காராது. 'நா'வின் கால் கொஞ்சம் நீளும், சொல் அரை விரல் தள்ளித் தொடங்கும். ஜெராக்ஸ் எழுத்து அப்படியே உட்காரும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது அவசியம். மலையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் வீடு வீடாகப் போய் நிறையப் பேருக்கு நிரப்பிக் கொடுப்பது வழக்கம். அங்கே கையெழுத்து ஒன்றுதான், பதில் அவரவருடையது. கையெழுத்து ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அதை முன்கூட்டி நிரப்பியது என்று தள்ளக் கூடாது. இடமும் வடிவமும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போனால்தான் தள்ள வேண்டும்.

அசல் தாள் கையில் இருந்தால் தாளைத் திருப்பித் தடவிப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தி எழுதிய இடம் பின்பக்கம் புடைத்திருக்கும். ஜெராக்ஸ் எழுத்துக்கு அந்தப் புடைப்பு இருக்காது. தாளைச் சாய்த்து விளக்குக்குக் காட்டினால் டோனர் தாளின் மேலே படிந்து லேசாகப் பளபளப்பதும் தெரியும். ஜெல் பேனாவில் எழுதியிருந்தால் புடைப்பு சரியாகத் தெரியாது. அப்போது ஜன்னல் வெளிச்சம்தான் வழி.

ஸ்கேன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில படிவங்கள் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வந்தன. ஆவணம் போலத் தெளிவாக்கும் ஃபில்டரைப் போட்டு, எல்லாம் கன்னங்கரேல் என்று பளிச்சென்று இருந்தது. பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. நீலப் பேனாவும் கறுப்பு அச்சும் ஒரே நிறமாகிவிட்டால் பிரிப்பதற்கு இருந்த முதல் அடையாளமே போய்விடுகிறது. அவற்றை மட்டும் அசலாகக் கேட்டு வாங்கி, கலரில் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துகொண்டோம். கறுப்பு வெள்ளையில் ஃபைல் சின்னதாகும் என்பதைத் தவிர இந்த வேலைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்றும் உண்டு. அச்சில் இருக்கும் சொல்லே பதிலாகிவிடும் இடம். 'ஆம்/இல்லை', 'ஆண்/பெண்' போன்ற இடங்களில் உறுப்பினர் ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை. ஒரு கோடு இழுக்கிறார், அல்லது டிக் போடுகிறார், அல்லது வட்டம் போடுகிறார். பேனாவில் எழுதியதை மட்டும் எடுத்தால் அந்தக் கட்டம் காலியாகப் போகும். ஆனால் அந்தக் கோடு வேண்டாததை அடித்ததா, வேண்டியதற்கு அடிக்கோடா? பல படிவங்களில் கோடு எழுத்தின் நடுவிலும் இல்லை, அடியிலும் இல்லை, இரண்டுக்கும் இடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு அந்தப் படிவத்திலேயே சாவி இருக்கிறது. பதில் நமக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியைத் தேடுங்கள். இந்தப் படிவத்தில் அது 'ஆண்/பெண்'. பெயர் 'செல்லம்மாள்' என்று இருந்து, கோடு 'ஆண்' என்பதன் மேல் இருந்தால், இந்தத் தாளை நிரப்பியவர் கோடு போடுவது வேண்டாததற்கு. கோடு 'பெண்' என்பதில் இருந்தால் அவர் வேண்டியதற்கு அடிக்கோடு போடுகிறவர். அதே தாளில் மிளகுக் கொடிக்கும் அப்படியே படிக்கலாம். ஒரு தாளின் சாவியை இன்னொரு தாளுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது, நிரப்பிய கை ஒன்று என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர. ஆம், இல்லை இரண்டிலும் கோடு இருந்தால் நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் 'இரண்டும் அடித்தல்' என்று எழுதிவைத்து, கேட்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

இப்போது ஒரு படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்க்கலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

உறுப்பினர் பெயர் 'சி. லட்சுமி'. அடுத்த வரி 'த/க பெயர்', அதாவது தந்தை அல்லது கணவர் பெயர். த, க இரண்டில் எதையும் அடிக்கவில்லை. எதிரே பேனாவில் 'க. சின்னப்பையன்'. இங்கே அந்த 'க.' என்ன? சின்னப்பையனுடைய இனிஷியலா, 'கணவர்' என்று தலைப்பையே கையால் திருப்பி எழுதியதா? லட்சுமியின் இனிஷியல் 'சி.' என்பதை வைத்துத் தீர்க்க முடியாது. கல்யாணம் ஆகாதவர் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுவார், ஆனவர் பலர் கணவர் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள். இரண்டு வழியிலும் 'சி.'தான் வரும்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண், "அக்கா, இனிஷியல்னே போட்டுரலாமா?" என்றாள். அதற்கு முன், அதே கையால் நிரப்பிய மற்றப் படிவங்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். நிரப்பியவர் 'லை', 'னை' எழுத்துகளைப் பழைய கொம்பு போட்ட வடிவத்தில் எழுதுகிறவர். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் படித்தவராக இருக்கலாம், அல்லது அப்படி எழுதியவரிடம் கற்றவராக இருக்கலாம். அதனால் அவருடைய தாள்களைப் பிரித்தெடுப்பது சுலபமாகிவிட்டது. அச்சில் அந்தக் கொம்பு இல்லை, ஆகவே அச்சோடும் குழம்பவில்லை. எடுத்துப் பார்த்தால், ஆண்கள் படிவம் எல்லாவற்றிலும் அப்பா பெயருக்கு முன்னால் 'த.' இருந்தது. பெண்கள் படிவங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'க.', ஓரிரண்டில் மட்டும் 'த.'. அத்தனை அப்பாக்களுக்கும் ஒரே இனிஷியல் இருக்க முடியாது. ஆகவே இந்தக் கையில் 'த.' என்றால் தந்தை, 'க.' என்றால் கணவர். தலைப்பில் அடிக்க வேண்டியதை அடிக்காமல், பதிலின் முன்னால் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்படித் தெரிந்த பிறகும் கட்டத்தில் 'க. சின்னப்பையன்' என்றுதான் தட்டினோம். 'கணவர்' என்பதைப் பக்கத்தில் தனி நெடுவரிசையில் போட்டோம். தாளில் இருப்பது ஒரு இடத்திலும் நாம் புரிந்துகொண்டது இன்னொரு இடத்திலும் இருந்தால், நாளைக்கு யாராவது நம் புரிதல் சரியில்லை என்று சொன்னால் மறுபடி பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஊராட்சி. ஜெராக்ஸ் 'நாகலூர்' அடிக்கப்பட்டு, மேலே நீல மையில் 'மஞ்சக்குட்டை'. வட்டத்தில் ஜெராக்ஸ் 'ஏற்காடு' தொடாமல் இருந்தது.

அப்புறம் நிலப் பரப்பு. இந்த ஒரு வரியில்தான் எல்லாச் சிக்கலும் சேர்ந்து வந்தது. அச்சில் 'நிலப் பரப்பு (ஹெக்டேர்)'. அதில் 'ஹெக்டேர்' என்பதன் மேல் நீலக் கோடு, புள்ளிக் கோட்டின்மேல் '1.5 ஏக்' என்பது போல் ஒன்று. போல் என்று சொல்வதற்குக் காரணம், 1க்கும் 5க்கும் நடுவில் இருந்த புள்ளி. புள்ளிக் கோட்டின்மேல் எழுதிய எண்ணில் தசமப் புள்ளி வந்தால் அது யாருடைய புள்ளி என்று தெரிவதில்லை. அச்சுப் புள்ளியாக இருந்தால் எண் 15, பேனாப் புள்ளியாக இருந்தால் 1.5. சின்ன விவசாயிக்கு 15 ஏக்கர் எங்கே இருக்கும், 1.5 என்று போட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதை வைத்து எழுத ஆரம்பித்தால் நாம் படியெடுப்பதை விட்டுவிட்டுப் பதிலை உண்டாக்க ஆரம்பித்துவிடுவோம்.

கலர் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அச்சுப் புள்ளிகள் சம தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. எண்ணுக்கு நடுவில் இருந்த புள்ளி அந்த வரிசையில் இரண்டு அச்சுப் புள்ளிகளுக்கு இடையில், இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. விளிம்பில் நீலமும் தெரிந்தது. காலிப் படிவத்தை மேலே வைத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் அச்சுப் புள்ளி இல்லை. ஆக, அது பேனாப் புள்ளி. எண் 1.5.

சரிபார்க்க அதே தாளில் இன்னொரு கணக்கு இருந்தது. காபிச் செடி 1700. ஆறடிக்கு ஆறடி இடைவெளி விட்டால் ஒரு செடிக்கு 36 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. ஏக்கருக்குச் சுமார் 1200 செடி, ஒன்றரை ஏக்கருக்குச் சுமார் 1800. 1700 என்பது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படிவத்தோடு இணைத்திருந்த பட்டா நகலில் பரப்பு 0.60.50 என்று இருந்தது. பட்டாவில் முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர், ஒரு ஏக்கர் 40.47 ஏர். 60.5 ஏர் என்றால் ஒன்றரை ஏக்கருக்கு அரை சென்ட் குறைவு. மூன்றும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாவிட்டாலும் நாங்கள் கட்டத்தில் போட்டிருப்பது தாளில் இருக்கும் 1.5 தான். செடிக் கணக்கும் பட்டாவும் யாரிடம் திரும்பிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும், எண்ணை மாற்றும் உரிமையைத் தராது.

அந்த அடித்த 'ஹெக்டேர்' தான் இதில் ரொம்ப முக்கியம். அச்சு தலைப்பு வரிசைக்குப் போய்விடும், பேனா மட்டும் கட்டத்துக்கு வரும் என்று பிரித்திருந்தால், லட்சுமிக்கு 1.5 ஹெக்டேர் என்று பதிவாகியிருக்கும். ஏக்கரில் அது 3.7. இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. தலைப்பின்மேல் ஆள் போட்ட கோடும் பதில்தான். இன்னும் சிலர் ஹெக்டேரை அடிக்காமல், பட்டாவைப் பார்த்து '0.60.50' என்று இரண்டு புள்ளியோடு அப்படியே எழுதியிருந்தார்கள். அதையும் இரண்டு புள்ளியோடே தட்டினோம். ஏக்கருக்கு மாற்றியது தனி நெடுவரிசையில்.

லட்சுமியின் படிவம் கடைசியில் எங்கள் கோப்பில் இப்படி இருந்தது:

```
உறுப்பினர் பெயர் : சி. லட்சுமி
த/க பெயர்        : க. சின்னப்பையன் [தலைப்பில் எதுவும் அடிக்கவில்லை]
ஆண்/பெண்         : பெண் [அச்சு; "ஆண்" அடித்தல்]
ஊராட்சி          : மஞ்சக்குட்டை [முன்நிரப்பு "நாகலூர்" அடித்தல்]
வட்டம்           : [முன்நிரப்பு "ஏற்காடு"]
நிலப் பரப்பு     : 1.5 ஏக் [தலைப்பில் "ஹெக்டேர்" அடித்தல்]
செடி எண்ணிக்கை   : 1700
மிளகுக் கொடி     : ஆம் [அச்சு; "இல்லை" அடித்தல்]
```

அடைப்புக்குள் இருப்பதெல்லாம் எங்கள் பேச்சு, வெளியே இருப்பதெல்லாம் லட்சுமியின் பேச்சு. 'பெண்', 'ஆம்' இரண்டும் அச்சுச் சொற்கள்தான், ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்தவை என்பதால் வெளியே நிற்கின்றன. வட்டம் 'ஏற்காடு' சரியாகவே இருந்தாலும் அவர் சொன்னது இல்லை என்பதால் உள்ளே இருக்கிறது. வெறுமனே விட்ட இடத்துக்கு [வெற்று] என்று போட்டோம். ஆள் கோடு இழுத்திருந்தால் அந்தக் கோட்டையே போட்டோம். 'இல்லை' என்று சொல்வதும் பதில் சொல்லாமல் விடுவதும் ஒன்றில்லையே.

இன்னொரு விஷயம், சிலர் புள்ளிக் கோட்டின் மேல் எழுதாமல் அதற்குக் கீழே எழுதுகிறார்கள். வரிகள் நெருக்கமாக இருந்தால் பதில் எந்தத் தலைப்புக்கு என்று புரியாது. இதற்குப் பக்கத்தின் அடியிலிருந்து மேலே போக வேண்டும். கடைசித் தலைப்பின் பதில் கோட்டுக்குக் கீழே தொங்கினால், அந்த ஆள் பக்கம் முழுக்கக் கீழேதான் எழுதியிருக்கிறார். மேலிருந்து பார்த்தால் இது பிடிபடாது. செடி எண்ணிக்கை மிளகுக் கொடிக்கும், நிலப் பரப்பு செடி எண்ணிக்கைக்கும் என்று ஒவ்வொன்றாக ஒரு படி இறங்கி உட்கார்ந்துவிடும்.

சரிபார்ப்பதை இரண்டு பேராகச் செய்தோம். ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க, மற்றவர் திரையில் பார்ப்பது. வாசிக்கிறவர் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் 'பேனா', 'அச்சு', 'ஜெராக்ஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். "பேனா, ஒன்று புள்ளி ஐந்து, ஏக்." "ஜெராக்ஸ், ஏற்காடு." முதலில் நேரம் இழுத்தது. ஆனால் வாயால் சொல்ல வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தே ஆக வேண்டியிருந்தது. தட்டும்போது விட்டுப்போன அடித்தல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வந்தன.

செயலாளர் பிரிண்ட் எடுத்துப் போக வந்தபோது, கேட்க வேண்டிய பட்டியலை அவரிடம் கொடுத்தேன். 'நாகலூர்' தொடாமல் விட்டவர்களின் பெயர்கள் அதில் முதலில் இருந்தன. அடுத்த வருஷத்துக்குப் புதுப் படிவம் வேண்டும் என்றார். புள்ளிக் கோட்டை எடுத்துவிட்டுக் கட்டம் போட்டேன். தலைப்புகளை வெளிர் சாம்பல் நிறத்தில், கட்டத்துக்குள் மேல் மூலையில் சின்னதாக வைத்தேன். 'த/க' என்பதைத் தந்தை பெயர், கணவர் பெயர் என்று இரண்டு கட்டமாகப் பிரித்தேன். பரப்புக்கு ஏக்கர் ஒரு கட்டம், சென்ட் ஒரு கட்டம், பட்டாவில் உள்ளபடி ஹெக்டேர், ஏர் தனியாக இரண்டு கட்டம். ஊராட்சிப் பெயர்களை அச்சிலேயே வரிசையாகப் போட்டு டிக் அடிக்க ஒரு சின்னச் சதுரம். "நீலப் பேனாவுலதான் எழுதணும்னு மேலேயே போட்டுருங்க, கறுப்புல எழுதிட்டா மறுபடி இதே கதைதான்" என்று அவரே சொல்லி, அந்த வரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார்.